பாவித்த கார் வாங்குமுன்: மறைக்கப்பட்ட விபத்தையும் வெள்ளச் சேதத்தையும் கண்டுபிடிப்பது எப்படி?

"மாமா, கார்பக்ஸ் றிப்போர்ட் சுத்தமாக் கிடக்கு. பிறகென்ன பாக்கிறதுக்கு?" என்று கேட்டான் என் தங்கை மகன். கனடாவுக்கு வந்து மூன்று வருடம். சீட்டுக் காசும் சேமிப்பும் சேர்த்து 12,000 டொலர் கையில் இருந்தது. மனைவியும் எட்டு மாதக் குழந்தையும் போய்வர ஒரு கார் வேண்டும். ஒரே சனிக்கிழமையில் இரண்டு கார் பார்க்க ஒழுங்கு செய்துவிட்டு, துணைக்கு என்னைக் கூப்பிட்டான். ஸ்காபரோவில் தகரவேலையும் பெயின்ற் அடிப்பும் செய்யும் கராஜ் ஒன்றில் பதினெட்டு வருடம் வேலை செய்தவன் நான். அடிபட்ட கார்களைப் புதிதுபோல ஆக்குவதுதான் எங்கள் தொழில். எங்கே மறைப்பார்கள் என்பது மறைத்தவனுக்குத் தெரியும் அல்லவா.

அன்று பார்த்த இரண்டு கார்களுக்கும் றிப்போர்ட் சுத்தமாகத்தான் இருந்தது. ஒன்று பின்பக்கம் பலமாக அடிபட்ட கார். மற்றது வெள்ளத்தில் நின்ற கார். நாங்கள் பார்த்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். நீங்களும் அதே ஒழுங்கில் பார்க்கலாம்.

றிப்போர்ட் ஏன் சுத்தமாக இருக்கிறது?

கார்பக்ஸ் போன்ற றிப்போர்ட்டுகள் யாராவது பதிவு செய்ததைத்தான் காட்டும். காப்புறுதிக் கம்பனிக்குக் கோரிக்கை போயிருந்தால், பொலிஸ் அறிக்கை எழுதப்பட்டிருந்தால், பதிவு செய்யும் கராஜில் திருத்தியிருந்தால் அது பெரும்பாலும் அதில் வரும். காப்புறுதிக் கட்டணம் ஏறிவிடும் என்ற பயத்தில் சொந்தக் காசைக் கொடுத்து, தெரிந்த ஆளிடம் திருத்தியிருந்தால் அது எங்கும் வராது.

வெள்ளச் சேதத்தில் இந்த ஓட்டை இன்னும் பெரிது. ஒன்ராறியோவில் வெள்ளம், தீ, களவு போன்றவற்றுக்கான காப்புறுதி கட்டாயமானதல்ல. பழைய கார் வைத்திருக்கும் பலர் மாதக் கட்டணத்தைக் குறைப்பதற்காக அதை எடுத்துவிடுவார்கள். 2024 ஜூலை 16 அன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மில்லி மீற்றர் மழை கொட்டியது. டொன் வலி பார்க்வே ஆறாக ஓடியது. இப்படியான நாளில் நிலத்தடிக் கராஜில் நின்ற காருக்குள் தண்ணீர் ஏறி, அந்தச் சொந்தக்காரரிடம் அந்தக் காப்புறுதி இல்லையென்றால் அவருக்கு ஒரு சதமும் கிடைக்காது. கோரிக்கை இல்லாதபடியால் பதிவும் இல்லை. அவருக்கு மிஞ்சுவது ஒரே வழிதான்: கழுவி, உலர்த்தி, விற்பது.

ஆகவே கெட்ட றிப்போர்ட் என்றால் நிச்சயம் ஏதோ நடந்திருக்கிறது. நல்ல றிப்போர்ட் என்றால் பதிவு எதுவும் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கார்: நிறம் சொன்ன கதை

ஏஜாக்ஸில் ஒரு வீட்டு வாசலில் நின்றது. சில்வர் நிறம், எட்டு வயது, 128,000 கிலோமீற்றர், கேட்ட விலை 11,800 டொலர். விற்பவர் மரியாதையான மனிதர். நாங்கள் வருவதற்கு முன் கழுவிவிட்டிருந்தார். ஈரம் காயும்வரை காத்திருந்தோம். ஈரமான காரிலும், மழையிலும், இரவில் கடை வெளிச்சத்திலும் பெயின்ற்றைப் பார்க்கவே கூடாது. தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே பளபளப்பாகக் காட்டிவிடும்.

முதலில் காரின் பின் மூலையில் நின்று, கண்ணைத் தகரத்தின் மட்டத்துக்குத் தாழ்த்தி, நீளவாட்டில் பார்க்க வேண்டும். வானமோ மின்கம்பமோ பக்கத்துத் தகரத்தில் நேர்கோடாகத் தெரியும். அந்தக் கோடு ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே பட்டி வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். இடது பக்கத்தில் கோடு நேராகப் போனது. வலது பக்கத்தில் பின்கதவைத் தாண்டியதும் அலை மாதிரி நெளிந்தது.

அடுத்தது பெயின்ற்றின் தடிப்பு. தொழிற்சாலையில் அடித்த பெயின்ற் பெரும்பாலான கார்களில் 80 முதல் 180 மைக்ரோன் வரை இருக்கும். ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லி மீற்றர். இதை அளக்கும் சிறு கருவி இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் இலக்கத்தைவிட ஒப்பீடுதான் முக்கியம். கூரையில் அளந்து தொடங்குங்கள். கூரை அடிபடுவது அரிது, ஆகவே அந்தக் காரின் உண்மையான பெயின்ற் தடிப்பு எது என்று அது சொல்லிவிடும். எங்கள் காரில் கூரை 112 காட்டியது. இடது பக்கம் முழுவதும் 105 முதல் 120 வரை. வலது பின்கதவு 260. வலது பின்பக்கத் தகரம் 340 இல் தொடங்கி, சில்லு வளைவுக்குக் கிட்ட 1,150 ஆக ஏறியது.

260 என்றால் கதவுக்கு மீண்டும் பெயின்ற் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1,150 என்றால் பெயின்ற்றுக்கு அடியில் ஒரு மில்லி மீற்றர் பட்டி இருக்கிறது. பெயின்ற்றை மட்டும் எத்தனை தரம் அடித்தாலும் அவ்வளவு தடிப்பு வராது.

கருவி இல்லாதவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பார்க்கலாம். பட்டி உள்ள இடத்தில் பிடிப்பு தளர்ந்திருக்கும், அல்லது வழுக்கி விழும். இரண்டு எச்சரிக்கை. பம்பர் பிளாஸ்ரிக், அதில் காந்தமும் பிடிக்காது, கருவியும் அளக்காது. சில கார்களின் பொனற் அலுமினியம். அதிலும் காந்தம் பிடிக்காது, இரும்புக்கு மட்டுமான மலிவுக் கருவியும் வேலை செய்யாது. அதைக் கண்டு பயந்துவிட வேண்டாம்.

இடைவெளியும் போல்ற்றும்

கதவுக்கும் பக்கத்துத் தகரத்துக்கும் இடையில் உள்ள இடைவெளி பெரும்பாலான கார்களில் மூன்று முதல் ஐந்து மில்லி மீற்றர் வரை இருக்கும். அளவுகோல் தேவையில்லை. ஒரு விசிற்றிங் கார்ட்டை மடித்து, இடது பக்க இடைவெளியில் சரியாக நுழையும் தடிப்புக்குக் கொண்டுவாருங்கள். அதையே வலது பக்கத்தின் அதே இடத்தில் நுழைத்துப் பாருங்கள். இடைவெளி இரு பக்கமும் சற்றுக் கூடக்குறைய இருப்பது குற்றமல்ல. மேலே ஒடுங்கிக் கீழே விரிந்தால்தான் கவனிக்க வேண்டும். ஏஜாக்ஸ் காரின் வலது பின்கதவில் எங்கள் கார்ட் மேலே இறுகியது, கீழே ஆடியது. பின்பக்கத் தகரம் இழுத்து நிமிர்த்தப்பட்டு, பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்பவில்லை.

"போன வருசம் பார்க்கிங்கில ஒருத்தன் உரசிப்போட்டான். அதுக்குத்தான் பெயின்ற் அடிச்சது" என்றார் விற்பவர். அது பொய்யென்று சொல்ல எனக்கு அப்போது ஆதாரம் இல்லை. உரசலுக்கும் பட்டி வைப்பார்கள். உண்மையைச் சொல்லக்கூடிய இடம் டிக்கிதான்.

இங்கே ஒரு அடிப்படையை விளங்கிக்கொள்ள வேண்டும். காரின் வெளித்தகரம் இரண்டு வகை. பம்பர், பொனற், முன் மட்காட், கதவு, டிக்கி மூடி ஆகியவை போல்ற் போட்டுப் பூட்டப்பட்டவை. கழற்றி வேறொன்றைப் பூட்டினால் வேலை முடிந்தது. பின்பக்கத் தகரம், கதவுகளுக்கு இடையிலுள்ள தூண்கள், கதவுக்குக் கீழுள்ள படி, தரை, முன்னும் பின்னும் ஓடும் சட்டங்கள் ஆகியவை ஒட்டுப் போட்டு இணைக்கப்பட்டவை. மோதும்போது விசையைத் தாங்கி, உள்ளே இருப்பவரைக் காப்பது இவைதான். போல்ற் போட்ட பாகம் மாற்றப்பட்டிருந்தால் விலை பேசலாம். ஒட்டுப் போட்ட பாகம் வெட்டி ஒட்டப்பட்டிருந்தால், செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்று தெரியாமல் அந்தக் காரில் குழந்தையை இருத்தக் கூடாது.

போல்ற் போட்ட பாகம் மாறியதா என்பதை போல்ற்றே சொல்லும். பொனற்றைத் திறந்தால் மட்காட்டைப் பிடித்திருக்கும் போல்ற் வரிசை தெரியும். பல கார்களில் தொழிற்சாலையில் உடம்போடு சேர்த்து அந்த போல்ற்றுக்கும் பெயின்ற் பட்டிருக்கும். சாவி போட்டுத் திருப்பியிருந்தால் அறுகோண மூலைகளில் பெயின்ற் உரிந்திருக்கும், அல்லது போல்ற் பழைய அடையாளத்திலிருந்து சற்று விலகி நிற்கும். கதவுப் பிணைச்சலிலும் இதையே பாருங்கள்.

நாங்கள் டிக்கிக்குள் போனோம். விரிப்பைத் தூக்கி, ஸ்பெயர் ரயரை வெளியில் எடுத்தோம். தகரங்கள் சேரும் இடத்தில் தண்ணீர் போகாமல் ஒரு பசை பூசியிருக்கும். தொழிற்சாலையில் அதை இயந்திரம் பூசுவதால் ஒரே அகலத்தில் ஓடும். இடது பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. வலது பக்கத்தில் தூரிகையால் பூசிய கோடுகள் தெரிந்தன. விரல் நகத்தால் அழுத்தினால் மென்மையாக அமுங்கியது. தரைத் தகரத்தில் மடித்து நிமிர்த்திய கடதாசியில் நிற்பதுபோல் ஒரு சுருக்கம். இடது பக்க விளிம்பில் சம தூரத்தில் சிறு வட்டக் குழிகளாக ஒட்டுகள் இருந்தன. வலது விளிம்பில் அந்தக் குழிகள் இல்லை, தேய்த்து மட்டமாக்கிய மேடுகள் இருந்தன.

உரசலால் டிக்கித் தரை சுருங்காது. நாங்கள் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அவரோடு வாக்குவாதம் செய்யவில்லை. அவரே இரண்டாவது சொந்தக்காரர், அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

இரண்டாவது கார்: மிகவும் சுத்தமான கார்

மிசிசாகாவில் ஒரு பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில் பார்த்தோம். ஏழு வயது, 92,000 கிலோமீற்றர், கேட்ட விலை 9,900. வெளியில் எல்லாம் சரியாக இருந்தது. கருவி எல்லா இடத்திலும் 100 முதல் 130 வரை காட்டியது. இடைவெளிகள் ஒரே சீர். மருமகனின் முகம் மலர்ந்துவிட்டது.

கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியம் மூக்கில் அடித்தது. நான்கு கதவையும் மூடி, ஏசியை நிறுத்தி, ஹீற்றரை உச்சத்தில் வைத்து, உள்காற்றையே சுழலவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே இருந்தோம். சூடு ஏற ஏற வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு மணம் எழும்பியது. நனைந்த சாக்கு மணம். கார்ப்பெற்றுக்குக் கீழே தடித்த பஞ்சு இருக்கிறது. மேலே கார்ப்பெற் காய்ந்தாலும் அந்தப் பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

ஆனால் மணம் மட்டும் ஆதாரமல்ல. கூரைக் கண்ணாடியின் வடிகுழாய் அடைத்தாலும், ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் கார்ப்பெற் நனையும். அப்படி நனைந்தால் ஒரு மூலை மட்டும்தான் நனையும், மண் இருக்காது. வெள்ளம் நாலு பக்கமும் ஒரே மட்டத்துக்கு ஏறும், போகும்போது மண்ணை விட்டுவிட்டுப் போகும். ஆகவே தேட வேண்டியவை இரண்டு: மண்ணும், மட்டமும்.

சீற் பெல்ற்றில் தொடங்குங்கள். பெல்ற்றை மெதுவாக, கடைசி வரை இழுங்கள். அது சுருளும் பெட்டி கதவுத் தூணின் அடியில், தரைக்குக் கிட்ட இருக்கிறது. ஆகவே தண்ணீர் சிறிது ஏறினாலும் முதலில் நனைவது சுருளுக்குள் இருக்கும் கடைசிப் பகுதிதான். கழுவுபவர்கள் வெளியில் தெரியும் பெல்ற்றைத்தான் கழுவுவார்கள். மிசிசாகாக் காரில் பெல்ற்றின் கடைசி ஒரு முழம் மங்கலான தேநீர் நிறத்தில் இருந்தது. விரலால் வருடினால் நெருநெருவென்றது.

பிறகு பின்சீற்றின் இருக்கைப் பகுதியைத் தூக்கினோம். பல கார்களில் முன்விளிம்பைப் பிடித்து மேலே இழுத்தால் கொழுக்கி விடும். விற்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அங்கே மூலைகளிலும் வயர் துளைகளைச் சுற்றியும் மா போன்ற மெல்லிய மண் படிந்திருந்தது. "இது தூசிதானே மாமா?" என்று கேட்டான் மருமகன். நல்ல கேள்வி. தூசி மேலிருந்து விழுவது. அது மேற்பரப்பில் சீராகப் படியும், ஊதினால் பறக்கும். வெள்ள மண் தண்ணீரோடு வந்தது. அது தகரத்தின் அடிப்பக்கத்திலும், மூடிய மடிப்புக்குள்ளும் போய் ஒட்டிக் காய்ந்திருக்கும், ஊதினால் அசையாது. தூசி மேல்நோக்கிப் போய் ஒரு தகட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டாது.

எந்தக் கறள் கனடாக் கறள், எந்தக் கறள் வெள்ளக் கறள்?

ஒன்ராறியோவில் கறள் இல்லாத பழைய கார் கிடையாது. குளிர்காலத்தில் வீதியில் போடும் உப்பு அதைப் பார்த்துக்கொள்ளும். அடிச்சட்டம், புகைக் குழாய், பின் சில்லு வளைவு, கதவுகளின் அடிவிளிம்பு ஆகிய இடங்களில் கறள் இருந்தால் அது எங்கள் நாட்டுக் காலநிலை. அதன் அளவைப் பார்த்து விலை பேச வேண்டுமே தவிர, வெள்ளம் என்று நினைக்கக் கூடாது. சாரதியின் காலடியில், பெடல் அடியில் கொஞ்சம் கறள் இருப்பதும் வழமை. சப்பாத்தில் ஒட்டிய உப்புப் பனி அங்கேதான் உருகுகிறது.

உப்பு போக முடியாத இடத்தில் கறள் இருந்தால் அங்கே தண்ணீர் போயிருக்கிறது. ரோச் லைற்றோடு குனிந்து, பயணி பக்கத்து டாஷ்போட்டின் அடியைப் பாருங்கள். அங்குள்ள திருகாணித் தலைகளும் தகட்டுப் பிடிகளும் பத்து வருடமானாலும் மினுங்க வேண்டும். பின்சீற்றின் உள்கம்பிகள், முன்சீற் ஓடும் தண்டவாளம், அதன் போல்ற்றுகள் ஆகியவற்றையும் பாருங்கள். எங்கள் காரில் இரண்டு முன்சீற்றின் தண்டவாளத்திலும் ஒரே உயரத்தில் செந்நிறக் கறள். போல்ற்றுகளில் புதிய சாவிக் கீறல். சீற்றைக் கழற்றாமல் கார்ப்பெற்றைத் தூக்க முடியாது. சாதாரண துப்புரவுக்கு யாரும் கார்ப்பெற்றைத் தூக்குவதில்லை.

சீற்றுக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட வயர் ஒன்று போகும். மஞ்சள் என்றால் எயர்பாக் சம்பந்தப்பட்டது. அதைத் தொடவோ கழற்றவோ வேண்டாம், பார்த்தால் போதும். அந்த இணைப்பின் விளிம்பில் பச்சை நிறப் பூப்பு இருந்தது. செம்பு அரிக்கும்போது வருவது அது.

வெள்ளக் காரின் ஆபத்து இதுதான். பெரும்பாலான கார்களில் எயர்பாக்கை இயக்கும் பெட்டி இரு முன்சீற்றுக்கும் நடுவே, தரையோடு ஒட்டி இருக்கிறது. தண்ணீர் கார்ப்பெற்றை மூடினால் அந்தப் பெட்டிக்கும் வயர் இணைப்புகளுக்கும் போய்விடும். உலர்ந்த பிறகு எல்லாம் வேலை செய்யும், கார் ஓடும். இணைப்புக்குள் அரிப்பு மெல்ல மெல்ல நடந்து, மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகக் கோளாறு வரும். கண்ணாடி இறங்காது, கதவு பூட்டாது என்றால் பரவாயில்லை. தேவைப்படும் நொடியில் எயர்பாக் விரியாமல் போனால்?

கடைசியாக நான் சாவியைத் திருப்பி, இயந்திரத்தை இயக்காமல், விளக்குகளை மட்டும் எரியவிட்டேன். எயர்பாக் விளக்கு சில செக்கன் எரிந்து, தன்னைத் தானே சோதித்துவிட்டு அணைய வேண்டும். மற்ற எல்லா விளக்கும் எரிந்தது. அது எரியவே இல்லை. எரிந்துகொண்டே இருக்கும் விளக்கை மறைக்க யாரோ அதைச் செயலிழக்க வைத்திருந்தார்கள்.

கார்ப் பதிவு யாருடைய பெயரில் என்று கேட்டேன். "மச்சான்ர பேரில. அவர் ஊருக்குப் போட்டார்" என்றார். அதற்குமேல் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

சட்டம் எவ்வளவு தூரம் உதவும்?

ஒன்ராறியோவில் பதிவு பெற்ற விற்பனை முகவரிடம் வாங்கினால் சில விடயங்களை அவர் எழுத்தில் சொல்லியே ஆக வேண்டும். திருத்தச் செலவு 3,000 டொலருக்கு மேற்பட்ட சேதம், சட்டத்தில் ஏற்பட்ட சேதம், பம்பர் தவிர்ந்த அடுத்தடுத்த இரண்டு தகரங்கள் மாற்றப்பட்டமை, உள்தரை மட்டத்துக்காவது தண்ணீர் ஏறியமை ஆகியவை அவற்றில் அடங்கும். முகவர்களைக் கண்காணிக்கும் ஓம்விக் அமைப்பின் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

தனியாரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு இல்லை. யூ.வி.ஐ.பி என்ற தகவற் பொதியை அவர் உங்களுக்குத் தர வேண்டும். அதில் ஒன்ராறியோவில் காரை வைத்திருந்தவர்களின் பெயர்களும் காரின் மேலுள்ள கடனும் இருக்கும். விபத்து விபரம் இருக்காது. அதிலுள்ள கடைசிப் பெயரும் விற்பவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் தனியார் வேடத்தில் கார் வியாபாரம் செய்பவராக இருக்கலாம். தொலைபேசியில் "கார் விஷயமாக எடுக்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "எந்தக் கார்?" என்று திருப்பிக் கேட்டால் அவரிடம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது.

சேவ்ரி சான்றிதழைக் காட்டி "எல்லாம் செக் பண்ணியாச்சு" என்பார்கள். அது பிரேக், ரயர், லைற் போன்றவை அன்றைக்கு ஓடத் தகுந்த நிலையில் இருந்தன என்பதற்கான பத்திரம். 36 நாள் செல்லுபடியாகும். காரின் வரலாற்றைப் பற்றி அது பேசாது. கையெழுத்திட்ட பின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் கால அவகாசமும் ஒன்ராறியோவில் கார் விற்பனைக்கு இல்லை. ஆகவே பார்ப்பதை முன்பே பார்க்க வேண்டும்.

மூன்றாவது கார்

இரண்டு வாரம் கழித்து, முகவர் ஒருவரிடம் ஒரு கார் பார்த்தோம். றிப்போர்ட்டில் 4,200 டொலர் விபத்துத் திருத்தம் என்று பளிச்சென்று பதிவாகியிருந்தது. முகவரும் ஒப்பந்தத்தில் அதை எழுதியிருந்தார். மருமகன் பின்வாங்கினான்.

நான் பொனற்றைத் திறந்தேன். முன் பம்பர், ஒரு லைற், இடது மட்காட் ஆகியவை மாற்றப்பட்டிருந்தன. லைற் ஒன்று புதியது, மற்றது மங்கியது. மட்காட் போல்ற்றுகளில் சாவிக் கீறல். எல்லாம் போல்ற் போட்ட பாகங்கள். அவற்றுக்குப் பின்னால் உள்ள சட்டங்களில் சுருக்கம் இல்லை, ஒட்டுகள் இருபக்கமும் ஒரே மாதிரி, பசை இயந்திரம் பூசியது. பெல்ற் கடைசி வரை சுத்தம், டாஷ்போட்டின் அடியில் திருகாணிகள் மினுங்கின, எயர்பாக் விளக்கு எரிந்து அணைந்தது.

என் கண்ணை மட்டும் நான் நம்பவில்லை. முகவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய், 150 டொலர் கொடுத்து, காரை உயரத் தூக்கிப் பார்க்கச் செய்தோம். நிலத்தில் நின்று பார்ப்பவருக்கு அடிச்சட்டம் முழுதாகத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத பிழைகளை இயந்திரக் கணினியில் வாசிக்கவும் அவரிடம் கருவி இருக்கிறது. பிரேக் தட்டுகள் தேய்ந்திருக்கின்றன, அடுத்த குளிர்காலத்துக்கு முன் மாற்ற வேண்டும் என்றார். அதைச் சொல்லி 400 டொலர் குறைத்து, 10,900 க்கு முடித்தோம்.

சுத்தமான றிப்போர்ட் உள்ள இரண்டு காரை விட்டுவிட்டு, விபத்துப் பதிவு உள்ள காரை வாங்கினோம். குழந்தையின் சீற்றைப் பூட்டும்போது மருமகன் பின்சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுத்து, விரலால் ஒருமுறை வருடிப் பார்த்ததைக் கண்டேன். அவனுக்கு இனி நான் துணைக்குத் தேவையில்லை.